நோ என்ட்ரி நேரத்தில் காலி வண்டி: ஃபைன் சரியா, பாஸ் உண்டா?

கேள்வி: எங்களிடம் 14 அடி வண்டி ஒன்று இருக்கிறது. ஆர்.சி.யில் மொத்த எடை 7,490 கிலோ. சென்னையில் புழல் பக்கம் உள்ள குடோனிலிருந்து நகருக்குள் ஒரு கடைத்தெருவுக்குப் பாத்திரப் பெட்டிகள் கொண்டுபோகிறோம். தெருமுனைப் போர்டில் "கனரக வாகனங்கள் காலை 8 - 11, மாலை 5 - 8 அனுமதி இல்லை" என்று இருக்கிறது. போன வாரம் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வெளியே வரும்போது, மாலை 5.20-க்கு செலான் போட்டுவிட்டார்கள். காலி வண்டி எப்படிக் கனரக வாகனம் ஆகும்? புரோக்கர் ஒருவர் மாதம் 3,000 ரூபாய்க்கு "நோ என்ட்ரி பாஸ்" வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: பாஸ் வேண்டாம். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். "காலி வண்டி" என்ற வாதத்தையும் விட்டுவிடுங்கள், அது எங்கேயும் எடுபடாது. வண்டி எந்த வகை என்பதை அன்றைக்கு அதில் எவ்வளவு சரக்கு இருந்தது என்று பார்த்து முடிவு செய்வதில்லை. சரக்கோடு சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு எடை வரலாம் என்று ஆர்.சி.யில் பதிந்திருக்கிறதே, அந்த எண்தான் கணக்கு. பன்னிரண்டு சக்கர லாரி காலியாக வந்தாலும் கனரக வாகனம்தான்.

ஆனால் அதே எண் உங்களுக்குச் சாதகமாகவும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி 12,000 கிலோவைத் தாண்டினால்தான் கனரகச் சரக்கு வாகனம். 7,500 கிலோ வரை இலகு ரகம். நடுவில் இருப்பது நடுத்தர ரகம். உங்கள் வண்டி 7,490 கிலோ, அதாவது இலகு ரகம். போர்டில் "கனரக வாகனங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தால் நீங்கள் பேச வேண்டியது இதைத்தான். ஆர்.சி. நகலையும், போர்டு முழுவதும் தெரிகிற ஒரு போட்டோவையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக வழக்கு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சட்டத்தின் 115-வது பிரிவு, எந்த வகை வண்டியை வேண்டுமானாலும் குறிப்பிட்டுத் தடுக்க அதிகாரம் தருகிறது. அந்தத் தெருவுக்கான ஆணையில் "எல்லாச் சரக்கு வாகனங்களும்" என்று இருந்து, போர்டு எழுதியவர் சுருக்கமாகக் "கனரக" என்று எழுதியிருக்கலாம். நடக்கிற கதைதான். ஆணையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரு தெருவில் எந்த வண்டி எத்தனை மணிக்கு நுழையலாம் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு டிரான்ஸ்போர்ட்காரர் மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை! ஊர் முழுவதற்கும் ஒரே பட்டியலாக, தேதி போட்டு வெளியிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து, செலானில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். போர்டை மதிக்கவில்லை என்று 119-வது பிரிவில் எழுதினால், 177-ன்படி முதல் முறை 500 ரூபாய் வரைதான், மறுமுறை 1,500 வரை. அதே தவறை 115-ஐ மீறியதாக எழுதி 194-ல் கொண்டுபோனால் 20,000 ரூபாய். ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்தவரும் அந்தப் பிரிவில் மாட்டுவார். ஆகவே அது உங்கள் தலையிலும் விழும். பிரிவு, இடம், நேரம், போட்டோ எல்லாம் echallan.parivahan.gov.in தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் தெரியும். ஆட்சேபணையையும் அங்கேயே பதியலாம். பணத்தைக் கட்டிவிட்டால் அத்துடன் விவகாரம் முடிந்தது, பிறகு வாதாட இடமில்லை. அதனால் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "அரசிதழில் வராத தடை செல்லாது" என்று யாரோ சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பாதிதான் உண்மை. ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கிற தடைக்குத்தான் அரசிதழ் அறிவிப்பு கட்டாயம். ஒரு மாதமோ அதற்குள்ளோ என்றால், அந்த வட்டாரத்தில் தெரிகிற மாதிரி அறிவித்தாலே போதும். மெட்ரோ ரயில் வேலைக்காகப் பாதையைத் திருப்பிவிடுவது, திருவிழாவுக்கு ரதவீதியை மூடுவது எல்லாம் இப்படி வரலாம். பேப்பரில் நாலு வரி, முனையில் ஒரு போர்டு, அவ்வளவுதான். நேற்று போன வழி இன்று மூடியிருக்கும். அந்தத் தடையும் செல்லும். ஆனால் போர்டு வைக்கும் கடமை இதிலும் உண்டு. எனவே போர்டே இல்லாமல், அல்லது மரக்கிளைக்குப் பின்னால் மறைந்திருந்தால், அந்த இடத்தை அன்றே போட்டோ எடுங்கள். மறுநாள் கிளையை வெட்டிவிடுவார்கள். தற்காலிகம் என்று வைத்த போர்டு மாதக்கணக்கில் நின்றால் அப்போது அரசிதழ் எங்கே என்று கேளுங்கள், தாராளமாகக் கேட்கலாம்.

இப்போது பாஸ். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன டிரான்ஸ்போர்ட்காரர் இப்படி வாங்கிய "பாஸை" என்னிடம் காட்டினார். விசிட்டிங் கார்டு அளவு அட்டை, பிளாஸ்டிக் உறை, ஒரு முத்திரை, கீழே கிறுக்கல். வண்டி எண் இல்லை, பாதை இல்லை, தேதி இல்லை. நான்கு மாதம் பணம் கொடுத்திருக்கிறார். நான்கு மாதமும் யாரும் பிடிக்காததால் பாஸ் வேலை செய்வதாக நம்பியிருக்கிறார். ஐந்தாவது மாதம் செலான் வந்தது, புரோக்கர் போனை எடுக்கவில்லை.

உண்மையான அனுமதி என்றால் அதில் வண்டி எண், எந்தச் சாலை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்தத் தேதி வரை, கொடுத்த அதிகாரியின் பதவி எல்லாம் எழுத்தில் இருக்கும். போக்குவரத்துக் காவல் அலுவலகத்தில் உங்கள் பெயரில் நீங்களே மனுக்கொடுத்து வாங்குவது அது. "நான் பேசிக்கிறேன், நீங்க நேரா வந்துடுங்க" என்று சொல்கிற புக்கிங் ஏஜென்ட்டும் இதே ரகம். வண்டி நிற்கும்போது அவர் வர மாட்டார். ஏற்றுவதற்கு முன்பே, நேரத்தால் வண்டி காத்திருந்தால் ஹால்டிங் யார் தருவது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று: செலான் என்று வாட்ஸ்அப்பில் .apk ஃபைல் வந்தால் தொடவே தொடாதீர்கள். திறந்தால் பேங்க் கணக்குக்கே ஆபத்து.

உங்கள் சிக்கல் நேரக்கணக்கில்தான் தொடங்குகிறது. எல்லோரும் நுழையும் நேரத்தைப் பார்க்கிறார்கள், வெளியேறும் நேரத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் இடைவெளி 11 முதல் 5 வரை. 11.10-க்கு நுழைந்தால், கடைக்காரர் கணக்கு சரிபார்க்க முக்கால் மணி, இரண்டு லோடுமேன் 140 பெட்டி இறக்க இரண்டரை மணி, சாப்பாடு ஒரு மணி என்று 3.25 ஆகிவிடும். தெருவை விட்டு வெளியே வர அரை மணி. அதாவது 4 மணிக்குள் வெளியே. நீங்கள் 1 மணிக்கு மேல் நுழைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 12.15-க்கு மேல் வண்டி முனையில் நின்றால் அன்றைக்கு உள்ளே விடாதீர்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் 8 மணி வரை அங்கேயே நிறுத்தலாம் என்றும் நினைக்க வேண்டாம், கடைத்தெருவில் அது பார்க்கிங் குற்றமாகிவிடும், வண்டியை இழுத்துப் போவார்கள். இறக்காத பெட்டிகளை மறுநாளுக்கு விட்டுவிட்டு 4.15-க்கு டிரைவரைக் கிளம்பச் சொல்லுங்கள்.