செவ்வக நாட்ச் கணக்கும் தொட்டி அளவும் ஒத்துப்போகாதது ஏன்?

கேள்வி: 1.2 மீட்டர் அகல வாய்க்காலில் இரும்புத் தகடு வைத்து, நடுவில் 60 செ.மீ. அகலத்துக்குச் செவ்வக நாட்ச் வெட்டியிருக்கிறேன். தகட்டின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரம். விளிம்பு மேல் ஸ்கேல் வைத்தால் தண்ணீர் 10.2 செ.மீ. காட்டுகிறது. ஃபார்முலாவில் போட்டால் வினாடிக்கு 34.7 லிட்டர். ஆனால் கடைசியில் இருக்கும் 10 × 8 மீட்டர் தொட்டியில் 10 நிமிடத்தில் 33 செ.மீ. ஏறுகிறது, அதாவது 44 லிட்டர். ஃபார்முலாவில் வரும் Cd என்ற வெளியேற்றக் குணகத்தை 0.79 என்று மாற்றினால் கணக்கு சரியாக வருகிறது. அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

வேண்டாம். Cd மேல் கை வைக்காதீர்கள், ஸ்கேலை இடம் மாற்றுங்கள். உங்கள் தகடும் சரி, தொட்டிக் கணக்கும் சரி. அளந்த இடம்தான் தப்பு.

கூர்மையான விளிம்புள்ள தகட்டுக்கு, நீங்கள் வைத்திருக்கும் அளவுகளில், Cd 0.6-ஐ ஒட்டித்தான் நிற்கும். 0.79 வந்தால் ஃபார்முலாவில் போட்ட நீர் உயரம், அதாவது H, தப்பு என்று அர்த்தம். பத்தில் ஒன்பது தடவை அப்படித்தான் இருக்கும்.

ஃபார்முலாவில் வரும் H என்பது விளிம்பின் மேல் ஓடும் தண்ணீரின் தடிமன் இல்லை. தண்ணீர் இன்னும் நிதானமாக நகர்ந்துகொண்டிருக்கும் மேல்பக்கத்தில், நீர்மட்டம் விளிம்பைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் H. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றில்லை. விளிம்பை நெருங்க நெருங்கத் தண்ணீர் வேகம் பிடிக்கிறது, அந்த வேகத்துக்கான விலையை உயரத்தில்தான் கொடுக்கிறது. அதனால் தகட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்பே நீர்மட்டம் வளைந்து இறங்க ஆரம்பித்து, தகட்டுக்கு நேர் மேலே வரும்போது H-இல் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்திருக்கும். வாய்க்கால் ஓரத்தில் குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பார்த்தால் அந்த வளைவு நன்றாகவே தெரியும். மேலே நின்று பார்த்தால் தெரியாது, அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். (நானும் முதல் தகடு வைத்தபோது விளிம்பிலேயே கோடு போட்டு அளவு எழுதி ஒரு பருவம் முழுக்க அதையே படித்துக்கொண்டிருந்தேன்.)

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 10.2-ஐ 0.85-ஆல் வகுத்தால் 12. அதாவது உண்மையான H 12 செ.மீ.யாக இருக்க வேண்டும். இருபுறமும் தண்ணீர் ஒடுங்கி வரும் நாட்ச் என்பதால் ஃபிரான்சிஸ் ஃபார்முலா இது. Q என்பது வினாடிக்குப் போகும் தண்ணீர், L என்பது நாட்ச்சின் அகலம், எல்லாம் மீட்டரில்:

```
Q = 1.84 × (L − 0.2 H) × H^1.5
Q = 1.84 × (0.60 − 0.024) × 0.12^1.5
  = 1.84 × 0.576 × 0.04157
  = 0.0441 மீ³/வினாடி
```

44.1 லிட்டர். உங்கள் தொட்டி சொன்னதும் அதேதான். 1.84-க்குள் Cd ஏற்கெனவே அடங்கியிருக்கிறது (ஏறத்தாழ 0.62), தனியாக எதுவும் பெருக்க வேண்டியதில்லை. அந்த 0.2 H என்பது பக்கத்துக்கு 0.1 H வீதம் இரண்டு பக்கமும் தண்ணீர் உள்நோக்கி ஒடுங்குவதற்கான கழிவு. இந்தக் கணக்கைப் போட்டவர் டர்பைனுக்கும் பெயர் கொடுத்த அதே ஜேம்ஸ் ஃபிரான்சிஸ்தான். அமெரிக்காவில் லோவெல் நகரத்து ஆலைகளுக்குக் கால்வாயில் போகும் தண்ணீரை அளக்க 1850-களில் செய்த சோதனைகளிலிருந்து வந்தது.

15 சதவீதக் குறைவு எப்படி 21 சதவீதமாகப் பெரிதானது என்று கேட்டால், H-க்கு 1.5 அடுக்கு இருக்கிறது. H-இல் வரும் தவறு சதவீதம் Q-இல் ஒன்றரை மடங்காகும். ஆகவே உங்கள் முழுக் கவனமும் H மேல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, 0.85-ஆல் வகுத்தே ஓட்டிவிடலாமே என்றும் தோன்றும். வேண்டாம். அந்த 15 சதவீதம் தோராயம்தான், அதோடு விளிம்பில் தண்ணீர் வினாடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதில் ஸ்கேலின் அகலப் பக்கத்தைக் குறுக்கே காட்டினால் தண்ணீர் அதன்மேல் 2 செ.மீ.க்கு மேல்கூட ஏறிக் குதிக்கும். நீங்கள் ஸ்கேலின் ஓரத்தைத் தண்ணீருக்கு நேராகப் பிடித்திருக்கிறீர்கள், அதனால்தான் 10.2 வந்தது. கொஞ்சம் திருப்பிப் பிடித்திருந்தால் 11 வரும், முழுக்கத் திருப்பினால் 12-ஐக்கூடத் தொட்டுவிடும். சிலர் வேண்டுமென்றே அப்படி அளப்பதும் உண்டு, அவசரத்துக்கு மோசமில்லை. ஆனால் பிடிக்கிற கையைப் பொறுத்து மாறுகிற அளவை வைத்துத் தண்ணீர் பங்கு பிரிக்க முடியாது.

ஸ்கேலை எங்கே வைப்பது? நீங்கள் எதிர்பார்க்கும் அதிகபட்ச H-இன் நான்கு மடங்கு தூரத்தில், தண்ணீர் வரும் பக்கத்தில். உங்கள் தகட்டில் H 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஏனென்றால் விளிம்புக்குக் கீழே 30 செ.மீ., இரண்டு பக்கமும் 30 செ.மீ. விட்டிருக்கிறீர்கள், அந்த இடைவெளி H-இன் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். ஆக 60 செ.மீ. தள்ளி, வாய்க்கால் ஓரமாக ஒரு ஸ்கேலை நிரந்தரமாகப் பதித்துவிடுங்கள். அலை அடித்துக்கொண்டே இருந்தால், அடியில் சிறு துளை போட்ட பி.வி.சி. குழாயை அங்கே நிறுத்தி உள்ளே தெரியும் மட்டத்தைப் படியுங்கள். துளை சின்னதாக இருப்பதால் உள்ளே அலை அடங்கிவிடும்.

இப்போது பூஜ்யம். இதில்தான் இரண்டாவது வழுக்கல். ஸ்கேலின் பூஜ்யம் விளிம்பின் மட்டத்தில் இருக்க வேண்டும், வாய்க்கால் தரையில் இல்லை. இதைச் செய்ய நிறையப் பேர் ஒரு குறுக்குவழி பிடிப்பார்கள்: தண்ணீரை அடைத்துவிட்டு, விளிம்பில் வழிவது நின்றதும் இருக்கிற நீர்மட்டத்தைப் பூஜ்யமாகக் குறித்துக்கொள்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வழிவது நின்ற பிறகும் தண்ணீர் விளிம்புக்கு மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளும்பி நிற்கும். டம்ளரில் விளிம்புக்கு மேலே தளும்பி நிற்குமே, அதே பரப்பு இழுவிசைதான். 3 மி.மீ. பூஜ்யத் தவறு 12 செ.மீ.யில் Q-ஐ 4 சதவீதம் போலக் குறைக்கும். தண்ணீர் குறைந்து H 5 செ.மீ. ஆகும்போது அதே 3 மி.மீ. 9 சதவீதம் தின்றுவிடும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பின் ஒரு முனையை விளிம்போடும் மறுமுனையை ஸ்கேலோடும் பிடித்து மட்டம் எடுங்கள், ஐந்து நிமிட வேலை. அப்படியே விளிம்பின் இடது, வலது முனைகளையும் சரிபாருங்கள். தகடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எந்த முனையை விளிம்பு என்று எடுப்பது என்ற குழப்பம் வரும்.

விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. மேல்பக்க முனை மழுங்காமல் சதுரமாக இருக்க வேண்டும், தடிமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர், அதைவிடத் தடித்த தகடு என்றால் தண்ணீர் விழும் பக்கத்தைச் சாய்வாகச் சீவிவிட வேண்டும். தண்ணீர் விளிம்பைத் தொட்டதும் எகிறிக் குதித்து, தகட்டை விட்டு விலகி விழ வேண்டும். விழும் திரைக்கும் தகட்டுக்கும் நடுவில் விரலை விட்டால் ஈரக் காற்றுதான் தட்டுப்பட வேண்டும். தண்ணீர் தகட்டோடு ஒட்டி வழிந்தால் ஃபார்முலா செல்லாது. H 3 செ.மீ.க்குக் கீழே போனால் நல்ல தகட்டிலேயே இது நடக்கும், அந்த அளவுகளை எழுதாமல் விடுவதே மேல். உங்கள் நாட்ச் வாய்க்காலைவிடக் குறுகலானது என்பதால் பக்கவாட்டில் காற்று தானாகப் போய்விடும். முழு அகலத்துக்கும் விளிம்பு வைத்தவர்கள்தான் காற்றுக்குத் தனியாகக் குழாய் விட வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியாக வைத்த பிறகும் இரண்டு விஷயங்கள் மெல்ல மெல்லக் கெடுக்கும். ஒன்று வண்டல். தகட்டுக்கு முன்னால் தண்ணீர் தேங்குவதால் மண் அங்கேதான் படியும். இன்று உங்கள் விளிம்புக்குக் கீழே 30 செ.மீ. இருக்கிறது, 12 செ.மீ. H-இல் தண்ணீர் வினாடிக்கு 9 செ.மீ. வேகத்தில் வருகிறது, அந்த வேகத்தைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். மண் ஏறி 5 செ.மீ.தான் மிச்சம் என்றால் வேகம் 20 செ.மீ.க்கு மேல் போகும், அதே H-க்கு உண்மையில் மூன்று நான்கு சதவீதம் அதிகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும், உங்கள் நோட்டில் அது வராது.

இரண்டாவது இதைவிட மோசம். கீழே யாராவது தண்ணீரைத் திருப்ப வாய்க்காலில் மண் போட்டு மறித்தால், தகட்டுக்குப் பின்னால் மட்டம் ஏறி விளிம்பைத் தாண்டிவிடும். அப்போது முன்னாலும் மட்டம் உயரும், ஸ்கேல் அதிகம் காட்டும், தண்ணீர் என்னவோ அதிகமாகப் போகவில்லை. கீழ்ப்பக்க மட்டம் விளிம்புக்கு மேல் H-இன் பாதி அளவுக்கு நின்றால், ஃபார்முலா சொல்வதைவிட 15 சதவீதம் குறைவாகத்தான் ஓடும். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்: விழும் சத்தம் அடங்கிவிடும், திரைக்குப் பின்னால் காற்று இருக்காது. அந்த நேரத்து அளவை எழுதாதீர்கள். கீழ்ப்பக்க மட்டம் விளிம்புக்கு ஐந்தாறு செ.மீ. கீழேயாவது இருக்கும்போது எடுத்ததுதான் கணக்கு.

ஸ்கேலைப் பதித்ததும் பக்கத்தில் பெயின்டில் எழுதிக்கொள்ள, உங்கள் தகட்டுக்கு மட்டும் போட்டது:

```
H (செ.மீ.)    Q (லிட்டர்/வினாடி)
   6              15.9
   8              24.3
  10              33.7
  12              44.1
  14              55.1
  15              60.9
```

புது இடத்தில் 12-ஐ ஒட்டி வருகிறதா என்று, தொட்டியில் இன்னொரு தடவை 10 நிமிடம் அளந்துகொண்டே பாருங்கள். 11-க்குக் கீழே வந்தால் பூஜ்யத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.