அந்த ஒரு வருடத்தை ஏன் ஒளிக்கிறீர்கள்?

"பி.காம். முடித்தவன். கேட் தேர்வு எழுதி, ஒரு ஐ.ஐ.எம்.மில் எழுத்துத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும், ஒரு தனியார் கல்லூரியில் குழு விவாதத்துக்கும் அழைப்பு வந்திருக்கிறது. என்ன பார்ப்பார்கள்? எந்தெந்தச் சான்றிதழ் கொண்டுபோக வேண்டும்? பி.சி. சான்றிதழ் இருக்கிறது. இங்கிலீஷ் சரளமாக வராது. இப்போது ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். படிப்பு முடிந்த வருடம் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்ததால் எங்கள் ஹார்டுவேர் கடையில் இருந்தேன். சும்மா இருந்ததாகத் தெரியக்கூடாது என்று மாமா தன் லாரி கம்பெனியில் வேலை பார்த்ததாகச் சான்றிதழ் தருகிறார். அதற்கு ஏற்றமாதிரி என்ன பேசலாம்?"
– ஒரு வாசகர், விருதுநகர்

மாமா தரும் காகிதத்தை வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அப்பா படுத்திருந்தபோது ஒரு வருடம் கடையைத் திறந்து நடத்தியிருக்கிறீர்கள். வீட்டுச் செலவு அந்தக் கல்லாவிலிருந்துதான் ஓடியிருக்கும். அதைப் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டு, மறைக்க வழி கேட்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது, தம்பி. கடை, வயல், தறி என்று வீட்டுக்காக உழைத்த காலத்தைக் குற்றம்போல ஒளிக்கும் பிள்ளைகளின் கடிதங்கள் நேர்காணல் சீசன்தோறும் எனக்கு வருகின்றன. பெற்றவர்களுக்கு முடியாதபோது பக்கத்தில் நிற்பது பிள்ளையின் கடமை. அதைச் செய்துவிட்டு வெட்கப்படுவதை என்னால் ஏற்க முடியாது.

சரி, நேர்காணல் அறைக்கு வருவோம். எதிரே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், பெரும்பாலும் பேராசிரியர்கள். அவர்கள் கையில் நீங்கள் நிரப்பி அனுப்பிய படிவம் இருக்கும். கேள்விகளில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் வரும். நீங்கள் எழுதியதை நீங்களே செய்தீர்களா, செய்ததைப் புரிந்து செய்தீர்களா, தெரியாததைத் தெரியாது என்று சொல்வீர்களா என்றுதான் தோண்டுவார்கள். லாரி கம்பெனி என்று எழுதினால், ஒரு லோடு வாடகையில் டீசலுக்கு எவ்வளவு போகும், லாரி காலியாகத் திரும்பி வந்தால் நஷ்டத்தை யார் ஏற்பது என்று கேட்பார்கள். மாமா சொல்லிக்கொடுத்த பதில் முதல் கேள்விக்குத் தாங்கும், மூன்றாவது கேள்விக்குத் தாங்காது. அதையும் தாண்டினால் சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கேட்கலாம். ஆடிட்டர் ஆபீசில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பொய்ச் சான்றிதழ் என்று தெரிந்தால், சேர்ந்து படித்துக்கொண்டிருந்தாலும் இடத்தை ரத்து செய்வார்கள். கையெழுத்துப் போட்ட மாமாவும் மாட்டுவார்.

அதே அறையில் ஹார்டுவேர் கடையைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். "உங்கள் கடையில் பணம் எங்கே முடங்கியது?" என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேஸ்திரிகளுக்கு மாதம் 3 லட்சத்துக்குக் கடனில் சரக்குப் போகிறது, பணம் வர 60 நாள் ஆகிறது என்றால், எந்த நாளில் பார்த்தாலும் 6 லட்சம் வெளியே நிற்கும். மொத்த வியாபாரி உங்களுக்கு 30 நாள்தான் தவணை தருகிறார் என்றால், லாபத்தை விட்டுவிட்டுப் பார்க்க, அதில் சுமார் 3 லட்சம் அவர் பணம். மீதி 3 லட்சம் அப்பாவின் பணம். நடைமுறை மூலதனம் என்று பி.காம்.மில் படித்தது இதைத்தான். உங்கள் கடையின் உண்மையான எண்களோடு இதைச் சொல்லிவிட்டு, வசூலை 60 நாளிலிருந்து 45 ஆக்க என்ன செய்து பார்த்தீர்கள், எந்த மேஸ்திரி கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார் என்றும் சொன்னால், அவர்கள் தேடுவது கிடைத்துவிடும்.

இன்னொரு கேள்விக்கும் தயாராக இருங்கள். சிமெண்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. பழைய வரி கட்டி வாங்கிய மூட்டையைப் புதிய வரியில் விற்றபோது என்ன ஆனது? வாங்கும்போது கட்டிய கூடுதல் வரி உள்ளீட்டு வரவாகக் கணக்கில் தங்கும், அதைப் பிறகு விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். கடை, ஆடிட்டர் ஆபீஸ் இரண்டையும் பார்த்த உங்களிடம் இதைக் கேட்கவே வாய்ப்பு அதிகம்.

படிவத்தில் கடையை வேலை அனுபவமாகக் காட்டலாமா என்பதற்கு ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு விதி. அழைப்புக் கடிதத்தைப் படியுங்கள். ஆவணம் கேட்டு உங்களிடம் இல்லையென்றால், அனுபவக் கட்டத்தை விட்டுவிட்டு, இடைவெளிக்கான காரணத்தில் 'தந்தையின் இதய அறுவை சிகிச்சை, குடும்பக் கடையை நடத்தினேன்' என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஃபைலில் இருக்கட்டும். கேட்டால் மட்டும் எடுங்கள். அனுதாபம் தேடி நீட்டாதீர்கள்.

அடுத்து, அந்த பி.சி. சான்றிதழ். கேட் விண்ணப்பத்தில் ஓ.பி.சி. என்று போட்டிருந்தால் தமிழக அரசின் பி.சி. அட்டை அங்கே செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்று தாசில்தார் தரும் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். பெரும்பாலும் நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருந்து அங்கே இல்லாத சாதிகள் உண்டு. வருமான வரம்பு 8 லட்சம், தொடர்ந்து மூன்று வருடம் அதைத் தாண்டினால் கிரீமி லேயர். சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது, கடை வருமானம் சேரும். ஆனால் பார்ப்பது வருமானத்தை. கடையின் மொத்த விற்பனையைக் காட்டிக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தாலுகா ஆபீசில் நாளாகும், இன்றே இ-சேவை மையத்துக்குப் போங்கள்.

மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். அழைப்புக் கடிதம், புகைப்பட அடையாள அட்டை, பத்து, பன்னிரண்டு, எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், பட்டம், ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்த தேதியோடு கடிதம். அசல் ஒரு கட்டு, கையெழுத்துப் போட்ட நகல் ஒரு கட்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் தடுமாறுவது இனிஷியலில். மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தால், கல்லூரி என்ன ஏற்கும் என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சிட்டு எடுத்துப் போங்கள்.

குழு விவாதத்தில் எட்டுப் பத்துப் பேர், பத்துப் பதினைந்து நிமிடம். சரளம் இல்லை என்று பயந்து முதல் ஆளாகக் கத்த வேண்டாம். இன்னொருவர் சொன்னதைக் கேட்டு, அதோடு புதிதாக ஒன்றைச் சேர்ப்பவரைத்தான் குறித்துக்கொள்வார்கள். ஆன்லைன் வியாபாரம் சிறு கடையை அழிக்குமா என்று தலைப்பு வந்தால், எல்லோரும் தள்ளுபடியைப் பற்றிப் பேசுவார்கள். கொத்தனாருக்கு மத்தியானம் ஒரு பிட்டிங் குறைந்தால் பத்து நிமிடத்தில், அதுவும் கடனில் வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். சின்னச் சின்ன வாக்கியமாக இரண்டு மூன்று முறை அப்படிப் பேசினால் போதும்.

மாமா உங்கள் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். வேண்டாம் என்பதை அம்மா மூலம் சொல்லி அனுப்பாமல் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். பிறகு கடையின் பற்று நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவோடு இரண்டு சாயங்காலம் உட்காருங்கள். யாரிடம் எவ்வளவு நிற்கிறது, ஏன் நிற்கிறது, அந்த வருடம் எது விற்றது, எது தேங்கியது என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டு, அதன்பிறகு படிவத்தை நிரப்புங்கள்.