ஸ்டெபிலைசர் இருந்தும் ஃபிரிட்ஜ் போர்டு ஏன் போனது?

"எங்களுக்குக் கல்லிடைக்குறிச்சி பக்கம் கிராமம். போன வாரம் பெரிய இடி ஒன்று விழுந்ததும் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. வந்து பார்த்த மெக்கானிக் போர்டு போச்சு, புதுசு 7,000 ரூபாய் என்கிறார். ஸ்டெபிலைசர் போட்டுத்தான் வைத்திருந்தோம். இனிமேல் 400 ரூபாய்க்கு ஒரு ஸ்பைக் பஸ்டர் வாங்கி மாட்டினால் போதுமா?"

முதலில் அந்தப் பழைய போர்டைக் கையை விட்டுப் போக விடாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

இடி உங்கள் வீட்டில்தான் விழவேண்டும் என்றில்லை. வயல்காட்டில் ஒரு பனையில் விழுந்தாலும் போதும், பக்கத்தில் போகிற மின்கம்பியில் சில ஆயிரம் வோல்ட் ஏறிவிடும். அது இருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்டெபிலைசருக்குள் இருப்பது ரிலே. அது அசைவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மெதுவாக 170க்கு இறங்கி 260க்கு ஏறும் கரண்டைச் சரிசெய்யத்தான் ஸ்டெபிலைசர். 'ஸ்டெபிலைசர் தேவையில்லை' என்று ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சொல்கிறது, இடியை அல்ல.

இடியின் வேகத்துக்கு ஈடுகொடுப்பது எம்.ஓ.வி. என்ற சின்ன வட்ட வில்லை. பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். நம் ஊர்க் குளத்து மறுகால் மாதிரிதான் அது. சாதாரண நாளில் ஒரு சொட்டும் அதன் வழியே போகாது. அளவு மீறினால் உபரியைத் தன் வழியே திருப்பிவிட்டுக் கரையைக் காக்கும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேய்ந்து, ஒருநாள் தானே ஷார்ட் ஆகி, முன்னால் இருக்கும் ஃபியூசையும் எரித்துவிட்டுப் போகும்.

உங்கள் ஃபிரிட்ஜ் போர்டிலும் பெரும்பாலும் இது இருக்கும். என் மேசைக்கு வரும் இடி விழுந்த போர்டுகள் பலவற்றில் ஃபியூஸ் கண்ணாடி கருத்து, வில்லை வெடித்திருக்கும். அதற்கு அப்பால் எல்லாம் நன்றாகவே இருக்கும். சமீபத்தில் வந்த ஒன்றில் ரெக்டிஃபையரையும் கம்ப்ரசரை ஓட்டும் ஐ.சி.யையும் மீட்டரில் பார்த்தேன், இரண்டும் சரி. 50 ரூபாய்க்குள் அடங்கும் இரண்டு பொருள் மாற்றியதும் ஓடியது. அந்த வீட்டிலும் புது போர்டு என்றுதான் சொல்லியிருந்தார்கள். இப்படிப் பழையதை எடுத்துப்போய்ச் சரிசெய்து, அடுத்த வீட்டில் புதிது என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் போர்டைக் கொடுக்காதீர்கள் என்றேன். ஐ.சி.யில் ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் செலவு பெரிது.

இதைவிடக் கெட்டது ஒன்று உண்டு. வெடித்த வில்லையைப் பிடுங்கிவிட்டு, ஃபியூசுக்குப் பதில் கம்பியைச் சுற்றிக் கொடுப்பார்கள். ஃபிரிட்ஜ் ஓடும், ஆனால் அடுத்த இடிக்குத் தடுப்பே இருக்காது. வில்லை மாற்றினீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நீங்களே போர்டைத் திறந்து பார்க்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

சரி, ஸ்பைக் பஸ்டர். மலிவானவற்றில் பல வெறும் சுவிட்சும் சிவப்பு விளக்கும்தான். விளக்கு எரிவது பாதுகாப்புக்கு அடையாளம் ஆகாது. அந்தப் பணத்தைச் சேர்த்து வீட்டு மெயின் போர்டில் 'டைப் 2' எஸ்.பி.டி. ஒன்று போடுங்கள். அதே மாதிரி வில்லை பெரிதாக உள்ளே இருக்கும், உபரியை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி அது. அதன் சின்னச் சன்னல் பச்சையிலிருந்து சிவப்பானால் மாற்ற வேண்டும். அதிலிருந்து எர்த் பட்டைக்குப் போகும் வயர் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். மறுகால் தண்ணீர் போக ஓடை வேண்டாமா? எர்த் குழி வறண்டு கிடந்தால் கருவி பாதி வேலைதான் செய்யும். பாறையும் செம்மண்ணுமான நம் பக்கத்தில் கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றாத வீடுகளே அதிகம்.

ஆனால் எஸ்.பி.டி.யாலும் காப்பாற்ற முடியாத ஒன்று இருக்கிறது, அதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். காற்றில் தென்னை மட்டை விழுந்து கம்பத்து நியூட்ரல் அறுந்தால், உங்கள் வீட்டுக்கு 400 வோல்ட் வரை வரலாம். பல்பு கண்ணைப் பறிக்கும், ஃபேன் பேய்மாதிரி சுற்றும். இது இமைப்பொழுதில் போவதில்லை, யாராவது மெயினை அணைக்கும்வரை நிற்கும். வில்லை சில நொடியில் கருகிவிடும். இதற்கு வேண்டியது 270 வோல்ட் வாக்கில் லைனைத் துண்டிக்கும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப். ஹை கட் உள்ள நல்ல ஸ்டெபிலைசரும் இங்கே உதவும், ஆகவே உங்களுடையதைத் தூக்கிப் போட வேண்டாம். துருப்பிடித்த நியூட்ரல் ஜாயின்டை மாற்றச் சொல்லி மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்தால் அறுந்த பிறகுதான் வருகிறார்கள். வருஷம் தவறாமல் இதே கதை. அப்புறம் எரிந்த ஃபிரிட்ஜுக்கு யார் பொறுப்பு என்றால் பதில் இல்லை.

நேராக வீட்டிலோ வாசல் கம்பத்திலோ விழும் இடியை எந்தக் கருவியும் தாங்காது. வானம் கருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, உள்ளே இடைவெளி சில மில்லிமீட்டர்தான், நியூட்ரலும் நேராகப் போய்க்கொண்டிருக்கும். இடி தலைக்கு மேல் வந்துவிட்டதென்றால் பிளக்கைத் தொடவே வேண்டாம். போர்டு போனால் போகட்டும்.