ஒரே போன், ரெண்டு ஹெட்போன்: விமானத்தில் படம் பார்க்க

“ஐஃபோன் 13. எனக்கு ஏர்பாட்ஸ், மனைவிக்கு வேறு கம்பெனி புளூடூத் இயர்பட்ஸ். ஒரே நேரத்தில் ரெண்டிலும் சத்தம் வரமாட்டேங்குது, அடுத்த வாரம் ஃபிளைட்.”

ரெண்டையும் இணைத்தாலும் வராதுங்க. ஒரே சத்தத்தை ரெண்டு ஹெட்போனுக்கு அனுப்ப ஐஃபோனில் உள்ள Share Audio வசதி ஏர்பாட்ஸுக்கும் சில பீட்ஸ் மாடல்களுக்கும் மட்டும்தான்.

வயருக்கு மாறிவிடுங்கள். லைட்னிங்கிலிருந்து 3.5 மி.மீ. அடாப்டர் ஒன்று, அதில் செருக, ஒரு துளையை ரெண்டாக்கும் ஒய் ஸ்ப்ளிட்டர் ஒன்று, சாதாரண வயர் இயர்போன் ரெண்டு. ஸ்ப்ளிட்டர் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும், ஏனென்றால் பார்க்க அதே மாதிரி இருக்கும் இன்னொரு வகை கம்ப்யூட்டருக்காக மைக்கையும் ஹெட்போனையும் பிரிப்பது, அதில் ஒரு துளையில் மைக் படம் போட்டிருக்கும், அங்கே செருகினால் சத்தமே வராது. நான் முதலில் அதைத்தான் வாங்கி, பாதி வழி ஆளுக்கொரு காதில் கேட்டுக்கொண்டு போனோம். ரெண்டு துளையிலும் ஹெட்போன் படம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், ரெண்டு இயர்போனும் ஒரே மாடலாக இருக்கட்டும். வேறு வேறாக இருந்தால் ஒன்றில் சத்தம் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் கேட்கும், போனில் தனித்தனியாகச் சரிசெய்ய முடியாது. சார்ஜிங் துளையை அடாப்டர் பிடித்துக்கொள்ளும், அதனால் ஏறுவதற்கு முன்பே முழு சார்ஜ் போட்டு, படத்தையும் டவுன்லோடு செய்துவிடுங்கள்.