பிளிமத் போக வேண்டியது போல்ட்டனுக்குப் போகும்

கேள்வி: மட்டக்களப்பில ஒரு கோல் சென்டர்ல வேலை கிடைச்சிருக்கு, இங்கிலாந்து கோல்கள்தான். வெள்ளைக்காரர் மாதிரி அக்சென்ட் வராட்டி நிப்பாட்டிப் போடுவாங்களா? எப்படிப் பழகுறது?

அக்சென்டுக்காக ஒரு நாள்கூடச் செலவழிக்க வேண்டாம். நான் மூன்று கிழமை செலவழித்தவள், அதனால்தான் இதை எழுதுகிறேன். இங்கிலிஷே படிக்கத் தேவையில்லை என்று சொல்வதாக நினைத்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இலக்கணமும் சொற்களும் வேண்டும்தான், வேண்டாம் என்று நான் சொல்வது வெள்ளைக்காரர் மாதிரிப் பேசும் அக்சென்டை மட்டும். பழக வேண்டியது P, T, K சொல்லும்போது வருகிற காற்று ஒன்றுதான்.

எங்களுக்குப் பயிற்சி தந்தவர் அமெரிக்கர் போல ‘ர’வை நாக்கைச் சுருட்டிச் சொல்லவும், நடுவில் வரும் ‘ட்’டை மெதுவாக்கவும் பழக்கினார். அப்படிச் சொன்னால் எழுதுவதைக் குறிக்கும் ரைட்டிங்கும் சவாரியைக் குறிக்கும் ரைடிங்கும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். தெளிவாக இருந்ததையும் குழப்பிக்கொண்டுதான் கோல் எடுக்கப் போனேன்.

இரண்டாம் மாதம் ஒரு அம்மா வீடு மாறியதாகச் சொல்லிப் புது விலாசம் தந்தார். போஸ்ட்கோட் PL என்று தொடங்கியது, அது பிளிமத் பக்கம். நான் சரியாகவே டைப் பண்ணினேன். திருப்பி வாசித்துக் காட்டியபோது அவர், “இல்லை, P, பீட்டரின் P” என்றார். நானும் “ஆமாம், பீட்டரின் P” என்றேன். அவர் காதில் அது B என்று விழுந்தது. BL என்றால் நாட்டின் மறுபக்கத்தில் இருக்கிற போல்ட்டன். நாலு தரம் இதே மாதிரிப் போய், கடைசியில் வேறு ஆளைத் தரச் சொன்னார். ஸ்கிரீனில் சரியாக இருக்கிறது, வாயில் மட்டும் பிழை. தரம் பார்க்கிறவர்கள் ‘அக்சென்ட்’ என்று ஒரே சொல்லை எழுதிப் புள்ளி வெட்டினார்கள். அன்று இரவு நான் அழுதேன்.

காரணம் பிறகுதான் விளங்கியது. இங்கிலிஷ்காரர் சொல்லின் தொடக்கத்தில் P சொல்லும்போது உதடு திறந்தபின் கொஞ்சம் காற்று போய், அதற்குப் பிறகுதான் குரல் தொடங்கும். 1964இல் லிஸ்கர், ஏபிராம்சன் என்ற இரண்டு பேர் பல மொழிகளில் இந்த இடைவெளியை அளந்தார்கள், அதில் தமிழும் இருந்தது. இங்கிலிஷ் P சராசரியாக 58 மில்லிசெக்கன், தமிழ் ‘ப’ 12 தான். இங்கிலிஷ் B ஒரு மில்லிசெக்கன் அளவு. எங்கள் 12 அந்த B-க்குப் பக்கத்தில் நிற்கிறதால் அவர்கள் காது B என்றே எடுக்கும். T, K இரண்டிலும் இதே கதை. மேல்சட்டையைக் குறிக்கும் ‘கோட்’, ஆட்டைக் குறிக்கும் ‘கோட்’ இரண்டையும் தமிழ் எழுத்தில் பிரித்து எழுதிக் காட்டவே முடியவில்லை, பாருங்கள்.

ஒரு மெல்லிய டிஷ்யூத் துண்டை வாய்க்கு நாலு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு “பாப்பா” என்று இங்கிலிஷ் P போட்டுச் சொல்லுங்கள். முதல் எழுத்திலேயே டிஷ்யூ துள்ள வேண்டும். B-யில் தொடங்கும் “பிராவோ” சொல்லும்போது துள்ளக் கூடாது. ஸ்பெயின் போல S-க்குப் பின்னால் வருகிற P-க்குக் காற்று வேண்டாம், அங்கே எங்கள் ‘ப’வே சரி. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், எனக்கு இரண்டு கிழமை போதுமாக இருந்தது. கூட வேலை செய்கிறவரைக் கேட்கச் சொல்லிச் சரிபார்க்காதீர்கள். தமிழரோ சிங்களவரோ, காற்றில்லாத P-யையும் P என்றுதான் கேட்பார்கள், ஏனென்றால் அவர்கள் காதும் எங்கள் காது போலத்தான். டிஷ்யூவை நம்புங்கள். காற்றுப் பழகியதும் ஹெட்செட் மைக்கை உதட்டுக்கு நேரே வைக்காமல் இரண்டு விரல் தள்ளிக் கன்னப்பக்கம் வையுங்கள், இல்லாவிட்டால் ‘டப் டப்’ என்று அடிக்கும்.

அப்புறம், எழுத்துச் சொல்லும்போது பீட்டர் வேண்டாம், P-க்குப் பாப்பா, B-க்குப் பிராவோ, T-க்கு டாங்கோ, D-க்கு டெல்டா என்றே சொல்லுங்கள். பாப்பாவும் பிராவோவும் முதல் எழுத்து மட்டுமில்லை, முழுச் சொல்லாகவே வேறு. காற்று தவறினாலும் ஆள் பிடித்துக்கொள்வார்.

நிப்பாட்டுவார்களா என்றால், என்னை நிப்பாட்டவில்லை. நானாகத்தான் விட்டேன், அதுவும் அக்சென்டால் இல்லை. குளிர்காலத்தில் அங்கே மாலை 5 மணி என்றால் இங்கே இரவு பத்தரை. களுவாஞ்சிகுடிக்கு அந்த நேரம் பஸ் இல்லை, கம்பனி வான் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும், அங்கிருந்து வீட்டு ஒழுங்கைக்குள் இருட்டில் தனியே நடக்க வேண்டும். வாசல்வரை விடச் சொல்லி நானும் இன்னும் மூன்று பிள்ளைகளும் கடிதம் கொடுத்தோம், பதிலே வரவில்லை. சேர முதல் வான் எதுவரை வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.