காரில் போன் வந்தால் குரல் ஏன் இயர்பட்ஸுக்குப் போகிறது?

கேள்வி: ஒரே போனில் இயர்பட்ஸும் கார் ஸ்டீரியோவும் சேர்த்து வைத்திருக்கிறேன். காரில் இருக்கும்போது போன் வந்தால் சில நாள் ஸ்பீக்கரில் குரலே வருவதில்லை. ஸ்டீரியோவை அழித்துவிட்டு மறுபடி சேர்க்கப் பார்த்தால் சேரவும் மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

போன வருடம் ஒரு சாயங்காலம் பெங்களூரில் சில்க் போர்டு சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். சேலத்திலிருந்து அம்மா கூப்பிட்டார். ஹோல்டரில் இருந்த போனில் பச்சையைத் தள்ளினேன். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. கொஞ்சம் கழித்துப் பின் சீட்டில் கிடந்த லேப்டாப் பைக்குள்ளிருந்து கொசு ரீங்காரம் மாதிரி, "டேய், கேக்குதா? ஹலோ?"

டப்பாவுக்குள் மூடி வைத்த இயர்பட்ஸ் எப்படிப் பேசும்? டப்பாவில் வைத்து, அடியில் இருக்கும் உலோகப் புள்ளிகள் தொட்டுச் சார்ஜ் ஏறத் தொடங்கினால்தான் பல இயர்பட்ஸ் தன்னை அணைத்துக்கொள்ளும். அந்தப் புள்ளியில் அழுக்கு படிந்திருந்தாலோ, டப்பாவிலேயே சார்ஜ் தீர்ந்திருந்தாலோ, இன்னும் காதில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு போனோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு இடது பக்கத்து இயர்பட்டில் காது அழுக்கு. உலர்ந்த பஞ்சுக்குச்சியால் துடைத்ததும் சரியாகிவிட்டது. உங்களுக்கும் இதுதானா என்று பார்ப்பது சுலபம்: டப்பாவை மூடிவிட்டுப் போனின் புளூடூத் பக்கத்தைத் திறங்கள். அப்போதும் இயர்பட்ஸ் பெயருக்குக் கீழே Connected என்று இருந்தால் குற்றவாளி அதுதான்.

அவசரத்துக்கு, அழைப்பு நடக்கும்போதே திரையில் ஸ்பீக்கர் படம் போட்ட பொத்தானைத் தொட்டால் எந்தக் கருவியில் கேட்க வேண்டும் என்று பட்டியல் வரும். காரின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தானால் எடுத்தால் பெரும்பாலும் குரல் நேராக ஸ்டீரியோவுக்கே போகும். இன்னொன்று, பாட்டும் பேச்சும் புளூடூத்தில் தனித்தனிப் பாதை. ஆண்ட்ராய்டில் கருவியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டால் Phone calls, Media audio என்று இரண்டு சுவிட்சுகள் தெரியும். ஸ்டீரியோவில் Phone calls அணைந்து கிடந்தால் பாட்டு மட்டும் வரும், பேச்சு வராது. அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி, சேர மாட்டேன் என்பது. முதல் தடவை இரண்டு கருவிகளைச் சேர்க்கும்போது இரண்டுமாக ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கி, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்கின்றன. நீங்கள் போனில் மட்டும் Forget கொடுத்தால் போனிடமிருந்த சாவிதான் போயிற்று. ஸ்டீரியோ பழைய சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த ஆளை எனக்குத் தெரியுமே" என்று அதையே நீட்டும். போன் தெரியாது என்றுவிடும். அதனால் இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும். ஸ்டீரியோவின் புளூடூத் மெனுவில் சேமித்த போன்கள் பட்டியல் இருக்கும், அங்கே உங்கள் போனை நீக்குங்கள். போனிலும் நீக்குங்கள். புளூடூத்தை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு, வண்டியை நிறுத்தி வைத்தபடி புதிதாகச் சேருங்கள். ஓடும்போது சேர்க்கப் பல ஸ்டீரியோக்கள் விடாது. இரண்டு திரையிலும் ஒரே ஆறு இலக்க எண் வருகிறதா என்று பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள். இயர்பட்ஸில் திரை கிடையாது என்பதால், அதன் பக்கத்துச் சாவிகளை அழிக்க டப்பாவில் வைத்துப் பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். எத்தனை விநாடி என்பது மாடலுக்கு மாடல் மாறும், கூட வந்த தாளில் இருக்கும்.

அழிக்கப் போகும்போது அந்தப் பட்டியலையும் கொஞ்சம் படியுங்கள். என்னுடையது செகண்ட் ஹேண்ட் வண்டி, ஸ்டீரியோவில் ஐந்து போனுக்குத்தான் இடம். மூன்று இடத்தில் முன்பு வைத்திருந்தவர் வீட்டுப் போன்கள் உட்கார்ந்திருந்தன, அவர்களுடைய தொடர்பு எண்கள் உட்பட! எல்லாவற்றையும் அழித்தேன். நாலாவது இடம் என் மனைவியின் போன், அது வேறு தொல்லை. எங்கள் வீடு முதல் மாடி, பார்க்கிங் நேர் கீழே. புளூடூத் சாதாரணமாகப் பத்து மீட்டர் எட்டும் என்பதால் வண்டியைக் கிளப்பியதும் ஸ்டீரியோ மேலே சமையலறையில் இருக்கும் போனைப் பிடித்துக்கொள்ளும். "என்னங்க, என் போன்ல சத்தமே வரலை" என்று பால்கனியிலிருந்து குரல் வரும். ஸ்டீரியோ மெனுவில் முன்னுரிமை என்ற வசதியில் என் போனை முதலில் வைத்தேன். உங்கள் ஸ்டீரியோவில் அது இல்லையென்றால், வீட்டில் இருப்பவர் போனில் காரின் பெயரைத் தொட்டு Disconnect கொடுத்தால் அந்தப் பயணத்துக்குப் போதும். Forget மட்டும் கொடுத்துவிட வேண்டாம்.