உளுந்துக்குக் குளிர்ந்த தண்ணீர், மாவுக்குக் கதகதப்பு ஏன்?

"உளுந்தை ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்கச் சொல்கிறார்கள், அப்புறம் இட்லி மாவைச் சூடான இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். முரணாக இல்லையா?"

இல்லை, இரண்டும் வேறு வேறு வேலை. குளிர்ச்சி அரைக்கும்போது மட்டும்தான் தேவை. உளுந்தின் புரதமும் வழவழப்பும் சேர்ந்துதான் காற்றைப் பிடித்து வைக்கின்றன. மிக்ஸியில் பிளேடு சுற்றும் உரசலில் மாவு சீக்கிரம் சூடாகிவிடும். கை பொறுக்காத அளவு சூடானால் உளுந்திலேயே இருக்கும் நுண்ணுயிர்களும் அடிபடும், மாவும் பொங்காமல் தளர்ந்துவிடும். கிரைண்டரில் சூடு மெதுவாகத்தான் ஏறும். சாதாரணத் தண்ணீரே போதும்.

ஒரு கப் உளுந்துக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரையுங்கள். ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் காற்று போதவில்லை, இன்னும் அரையுங்கள்.

அரைத்து முடித்ததும் குளிர்ச்சி எதிரியாகிவிடும். மாவை உப்பச் செய்யும் வாயுவைத் தரும் லூக்கோநாஸ்டாக் பாக்டீரியாவுக்கு 28, 30 டிகிரி வாக்கில் இருந்தால் வேலை ஓடும். மார்கழி இரவில் மாவு அப்படியே கிடப்பது அதனால்தான். விளக்கு மட்டும் எரியும் ஓவனில் வைக்கலாம். 40ஐத் தாண்டினால் உப்புவதற்கு முன்பே புளித்துவிடும்.